மிக்ஸி ம்ம்ம் என்கிறது, பிளேடு சுற்றவில்லை: கப்ளரையும் ஜாரின் அடியையும் பார்ப்பது எப்படி?

சுவிட்ச் போட்டா ம்ம்ம்னு சத்தம் மட்டும் வருது, பிளேடு அசையவே மாட்டேங்குது. முதல்ல என்ன செய்யணும்?

உடனே அணைத்துவிடுங்கள். அந்தச் சத்தம் கேட்டு இரண்டு வினாடிக்கு மேல் சுவிட்ச் போட்டபடி இருக்கக் கூடாது. அணைத்ததும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பிறகுதான் ஜாரைத் தொட வேண்டும்.

இவ்வளவு அவசரம் ஏன் என்றால், மோட்டார் சுற்றும்போது தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொள்ளும். காயிலுக்குள் பாயும் மின்சாரத்தை அளவோடு வைப்பது அதுதான். சுற்றாமல் நின்றுவிட்டால் அந்த எதிர்ப்பு இல்லாமல் போய், வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் காயிலுக்குள் பாய்கிறது. மோட்டாரைக் குளிரவைக்கும் விசிறியும் அதே ஷாஃப்டில்தான் இருக்கிறது, அதுவும் நின்றுபோகிறது. சூடு ஏறிக்கொண்டே போகும், வெளியேற வழி இருக்காது. கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் தீயும் வாசனை வரும். எங்கள் பட்டறைக்குக் காயில் கருகி வரும் மிக்ஸிகளில் நிறைய, ஜாரில் இருந்த சின்னக் கோளாறை வைத்துக்கொண்டே "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று திரும்பத் திரும்பப் போட்டவைதான். கோளாறு ஜாரில், செத்தது மோட்டார்.

ஒன்றை மட்டும் எந்நாளும் செய்யாதீர்கள். சுவிட்ச் போட்டபடி கரண்டியாலோ கத்தியாலோ பிளேடைத் தள்ளிவிட்டுச் சுற்றவைக்கப் பார்ப்பது. திடீரென்று பிடி விட்டால் பிளேடு ஒரே நொடியில் முழு வேகத்துக்குப் போகும். வேகம் என்றால் சுமையில்லாமல் ஓடும் மிக்ஸி மோட்டார் நிமிடத்துக்கு 18,000 சுற்று அளவில் போகக்கூடியது.

சத்தத்தை வச்சே என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்க முடியுமா?

பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். "சத்தம் வருது, சுத்தலை" என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொன்னாலும் அதற்குள் இரண்டு வேறு வேறு சத்தங்கள் இருக்கின்றன.

முதலாவது, கனமான, அமுங்கிய "ம்ம்ம்". டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றால் கேட்குமே, அந்த மாதிரி. மிக்ஸியின் உடம்பைத் தொட்டால் லேசான அதிர்வு இருக்கும், ஆனால் காற்று வீசும் ஓசை இருக்காது. மோட்டார் சுற்ற நினைக்கிறது, ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, "விர்ர்ர்" என்று வேகமாக ஓடும் சத்தம். கூடவே கரகரவென்றோ படபடவென்றோ ஓர் உரசல். இங்கே மோட்டார் நன்றாகவே ஓடுகிறது, அந்த ஓட்டம் பிளேடுக்குப் போய்ச் சேரவில்லை. மோட்டாரையும் ஜாரையும் நடுவில் கோக்கும் கப்ளரின் பல் தேய்ந்து வழுக்குகிறது, அல்லது ஜார் சரியாக உட்காரவில்லை.

ஆக, ம்ம்ம் என்றால் எங்கோ இறுகியிருக்கிறது, விர்ர் என்றால் எங்கோ பிடி விட்டிருக்கிறது. கடைக்குப் போனில் சொல்லும்போதும் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவருக்கு எந்த உதிரிபாகத்தை எடுத்து வைப்பது என்று அப்போதே தெரிந்துவிடும்.

எதையும் கழட்டாம, கையால மட்டும் எப்படிப் பாக்குறது?

பிளக் வெளியே இருக்கட்டும். ஜாரை எடுத்துவிட்டு மிக்ஸியின் மேல்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் பூ மாதிரி பற்கள் உள்ள ஒரு கறுப்பு ரப்பரோ பிளாஸ்டிக்கோ இருக்கும். அதுதான் மோட்டார் கப்ளர். விரலால் திருப்பிப் பாருங்கள். உள்ளே கார்பன் பிரஷ் உரசுவதால் மெல்லிய தடை ஒன்று இருக்கும், அது இருக்க வேண்டியதுதான். ஆனால் இரண்டு விரலாலேயே சுற்ற வேண்டும். சுற்றினால் மோட்டார் இறுகவில்லை. அசையவே மறுத்தால் கோளாறு கீழே, மோட்டாரில். அதைத் தனிக் கேள்வியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

அடுத்து ஜாரைக் காலி செய்து கவிழ்த்து வையுங்கள். அதன் அடியிலும் ஒரு கப்ளர் இருக்கும், மோட்டார் கப்ளரின் பற்களோடு கோத்துக்கொள்வது இதுதான். பிளேடு பக்கம் கையைக் கொண்டுபோகாமல், அடியில் உள்ள இந்தக் கப்ளரை மட்டும் பிடித்துத் திருப்புங்கள். நல்ல ஜார் வழுவழுவென்று சுற்றும், ஒரு சுண்டு சுண்டினால் அரைச் சுற்றாவது தானே போகும். இறுகிய ஜார் அசையாது, அல்லது பற்றிப் பற்றி விட்டு விட்டுச் சுற்றும்.

திருப்பும்போதே ஜாரின் வாய் வழியாகப் பிளேடையும் கவனியுங்கள். கப்ளர் சுற்றி, பிளேடு சும்மா நின்றால் கப்ளருக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் இருக்கும் பிடி போய்விட்டது, அல்லது பிளேடின் மரை கழன்றிருக்கிறது. இந்தக் கோளாறு அவ்வளவாக வராது, வந்தால் பலரையும் குழப்பிவிடும். வெளியே இரண்டு கப்ளரும் புதிதுபோல இருக்கும், மோட்டார் ஓடும், பிளேடு மட்டும் நிற்கும்.

கடைசியாக, கப்ளரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் போல ஆட்டம் இருக்கலாம். கொஞ்சமும் ஆட்டம் இல்லாமல் இறுகியிருந்தால் உள்ளே வாஷர் ஒன்று மாறியோ பிதுங்கியோ இருக்கும். பக்கவாட்டில் கடகடவென்று ஆடினால் ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் குழாயான புஷ் தேய்ந்திருக்கிறது.

ஜார் இல்லாம போட்டா மோட்டார் ஜோரா ஓடுது. சட்னி ஜார் வச்சா மட்டும் ம்ம்ம்னு நிக்குது. பெரிய ஜார்ல ஒண்ணும் பிரச்னை இல்லை. ஏன்?

கேள்வியிலேயே விடை இருக்கிறது. ஒரே மோட்டார், இரண்டு ஜார், ஒன்றில் மட்டும் நிற்கிறது என்றால் அந்த ஜார்தான் இறுகியிருக்கிறது. மோட்டாரைத் திறக்கவே வேண்டாம். (ஜார் இல்லாமல் போட்டுப் பார்க்கும்போது முதல் வேகத்தில் ஒரு வினாடி மட்டும் போதும். சுமை இல்லாத மோட்டார் கட்டுக்கடங்காமல் பறக்கும்.)

ஜாரின் அடியில் நடுவே பித்தளையிலோ வெண்கலத்திலோ ஒரு சிறு குழாய் இருக்கிறது. அதற்குப் பெயர் புஷ். அதற்குள்தான் எஃகு ஷாஃப்ட் நுழைந்து நிற்கிறது, மேலே பிளேடு, கீழே கப்ளர். ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் ஒரு காகிதம் நுழையும் அளவுகூட இடைவெளி இருக்காது. மேலே பிளேடுக்கு அடியில் இருக்கும் ரப்பர் சீல்தான் அரைக்கும் பொருள் இந்த இடைவெளிக்குள் இறங்காமல் காக்கிறது. சீல் நாளாக நாளாகக் கெட்டிப்பட்டு வாய் பிளக்கும். அதன் பிறகு மாவுத் தண்ணீரும் புளித் தண்ணீரும் உப்பும் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும்.

தினமும் ஓடும் ஜாரில் இது தெரியாது, ஓட்டமே அதைத் தேய்த்து வெளியே தள்ளிவிடும். வாரக்கணக்கில் அலமாரியில் இருக்கும் ஜாரில்தான் மாவு காய்ந்து பசை மாதிரி பிடித்துக்கொள்கிறது. கூடவே கொஞ்சம் துருவும் சேர்ந்தால் கையால் அசைக்க முடியாது.

போன ஆடி மாதம் பட்டறைக்கு வந்த ஒரு 750 வாட் மிக்ஸியைச் சொல்கிறேன். அந்த அம்மா கொண்டுவரும்போதே "மோட்டார் போச்சு தம்பி, புதுசு வாங்கச் சொல்றாங்க" என்றார். வீட்டில் கூழுக்குத் தொட்டுக்கொள்ளச் சட்னி அரைக்க, மாதக்கணக்கில் தொடாத சின்ன ஜாரை எடுத்திருக்கிறார். போட்டதும் ம்ம்ம். மூன்று நான்கு தடவை முயன்றதும் சத்தமும் நின்றுபோயிருக்கிறது. ஜாரைக் கவிழ்த்துக் கப்ளரைத் திருப்பினேன், அசையவில்லை. ஷாஃப்டைச் சுற்றிக் காவி நிறத்தில் ஒரு வளையம், நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. உளுந்து மாவும் துருவும் சேர்ந்த கலவை. அவருடைய பெரிய ஜாரையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். மிக்ஸியின் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டுப் பெரிய ஜாரை வைத்துப் போட்டதும் முதல் தடவையிலேயே ஓடியது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை, சூடு ஏறியதும் பாதுகாப்புப் பொத்தான் தெறித்துக் காப்பாற்றியிருக்கிறது. சின்ன ஜாரை அரை மணி நேரம் ஊறவைத்து விடுவித்துக் கொடுத்தேன். சீல் மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

இறுகின ஜாரை வீட்டிலேயே விடுவிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும், பொறுமை இருந்தால்.

ஜாரைக் கவிழ்த்து வைத்து, அடியில் கப்ளரைச் சுற்றியுள்ள குழியில் வெந்நீர் ஊற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றே அதிகம் போதும், கொதிக்கும் தண்ணீர் ரப்பரைக் கெடுக்கும். குழியில் தண்ணீர் நிற்காத ஜார் என்றால், நிமிர்த்தி வைத்து உள்ளே பிளேடு மூழ்கும் அளவு ஊற்றுங்கள். காய்ந்த மாவுதான் காரணம் என்றால் இருபது முப்பது நிமிடத்தில் இளகிவிடும். காவி நிறம் தெரிந்தால் அந்தத் தண்ணீரில் பாதி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிடுங்கள், புளிப்பு துருவைத் தளர்த்தும்.

ஊறிய பிறகு ஒரு தடித்த துணியால் அடிக் கப்ளரைப் பற்றி, ஒரே பக்கமாக முறுக்காமல் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அசைத்துக் கொடுங்கள். முதலில் மயிரிழை அளவு அசையும். அந்த அசைவு வந்துவிட்டால் வேலை முடிந்த மாதிரிதான், ஐந்து நிமிடத்தில் முழுச் சுற்றும் வரும். வரவில்லையென்றால் தண்ணீரை மாற்றி இன்னொரு அரை மணி ஊறவிடுங்கள். கொறடு போட்டுக் கப்ளரை நெரிக்காதீர்கள், பிளாஸ்டிக் பல் உடைந்துவிடும். சுத்தியலால் ஷாஃப்டைத் தட்டவும் வேண்டாம். ஷாஃப்ட் இம்மி வளைந்தாலும் அந்த வேகத்தில் ஜாரே குலுங்கும்.

சுற்ற ஆரம்பித்ததும் ஜாரில் கால்வாசி வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு, மூடி போட்டு, குறைந்த வேகத்தில் இரண்டு மூன்று வினாடி வீதம் விட்டு விட்டு ஓட்டுங்கள். தண்ணீர் கலங்கி வரும், ஊற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை செய்யலாம். பிறகு ஜாரைக் கவிழ்த்துக் காயவைத்து, மறுநாள் ஒரு தடவை கப்ளரைக் கையால் திருப்பிப் பாருங்கள். இலகுவாகச் சுற்றினால் சரியாகிவிட்டது. மறுபடி இறுகியிருந்தால் சீலும் புஷ்ஷும் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ஷாஃப்டுல எண்ணெய் விடலாமா? தையல் மெஷின் எண்ணெய் இருக்கு.

அதை விடாதீர்கள். துரு நீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். அந்த இடைவெளியின் மறு முனை உங்கள் சட்னிக்குள் திறக்கிறது. சீல் பழுதான ஜாரில்தான் இந்தக் கோளாறே வருகிறது என்பதால், கீழே விட்டது மேலே வராது என்று நம்ப முடியாது. விடுவதென்றால் சமையல் எண்ணெய் ஒரு சொட்டு, ஷாஃப்ட் புஷ்ஷுக்குள் நுழையும் இடத்தில். தேங்காய் எண்ணெய் போதும். அதுவும் நாளானால் பிசுபிசுத்துப் பிசின் ஆகும், ஆகவே விடுவித்த அன்றைக்கு மட்டும் போட்டுச் சோப்புத் தண்ணீரில் ஓட்டிக் கழுவிவிடுங்கள். வாரா வாரம் எண்ணெய் விட்டே ஓட்ட வேண்டியிருந்தால் அந்தப் புஷ்ஷை மாற்றிவிடுவதுதான் சரி.

ஜார் கையால சுத்துனா லேசாத்தான் இருக்கு. ஆனா அரைக்க ஆரம்பிச்சு அரை நிமிஷத்துல ம்ம்ம்னு நின்னுடுது. ஆறினதும் மறுபடி ஓடுது.

இது இறுக்கத்தின் ஆரம்பக் கட்டம். குளிர்ந்திருக்கும்போது ஷாஃப்ட் சுற்றும், ஓடும்போது உரசிச் சூடாகி விரிந்து புஷ்ஷைக் கவ்விக்கொள்ளும், ஆறினால் விட்டுவிடும். நின்ற உடனே பிளக்கைப் பிடுங்கி ஜாரை எடுத்து, அடியில் புஷ்ஷின் பக்கம் கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். அனல் அடித்தால், கப்ளரைத் துணியால் பிடித்துத் திருப்பும்போது இறுகியும் இருந்தால் சந்தேகமே இல்லை. ஊறவைத்துக் கழுவுவது கொஞ்ச நாளைக்குத் தாங்கும், பிறகு புஷ் மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஜார் குளிர்ச்சியாக இருந்து, கையாலும் சுற்றி, பொருள் போட்டால் மட்டும் நின்றால் பொருளைப் பாருங்கள். ஊறாத கடலைப்பருப்பு, முழு விரலி மஞ்சள், வெல்லக்கட்டி, தண்ணீர் போதாமல் திரண்டுபோன தேங்காய் விழுது, இவையெல்லாம் பிளேடை அப்படியே பிடித்துவிடும். பாதியை எடுத்துவிட்டுத் தண்ணீர் கொஞ்சம் விட்டால் ஓடிவிடும். மாலை வேளையில் விளக்கெல்லாம் மங்கலாக எரிகிற ஊர்களில் குறைந்த மின்னழுத்தமும் காரணமாகலாம். காலையில் அதே அளவு பொருளை அரைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கப்ளர் தேஞ்சிருக்கான்னு எப்படிப் பாக்குறது? பாக்க நல்லாத்தான் இருக்கு.

மேலே இருந்து பார்த்தால் எல்லாக் கப்ளரும் நன்றாகத்தான் தெரியும். பல்லின் பக்கவாட்டைப் பாருங்கள், அதிலும் ஓடும் திசையில் தள்ளும் பக்கத்தை. புதிய கப்ளரில் அந்தப் பக்கம் செங்குத்தாக, கூர் முனையோடு இருக்கும். தேய்ந்ததில் அது சரிவாகி, முனை உருண்டு, சோப்புக் கட்டி தேய்ந்ததுபோல மழமழவென்று இருக்கும். பல்லின் சரிவில் ஜார் கப்ளர் ஏறி வழுக்குவதுதான் அந்தப் படபட சத்தம்.

மிக்ஸியைச் சுற்றிக் கறுப்புத் தூள் உதிர்ந்து கிடந்தால் ரப்பர் தேய்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ரப்பர் கருகும் வாசனையோ, பல் உருகிப் பளபளப்பாக வழிந்த தடமோ இருந்தால் அது வெறும் தேய்மானம் இல்லை. வேறு எதையோ இழுக்க முடியாமல் உரசி உருகியிருக்கிறது.

இரண்டு கப்ளரையும் சேர்த்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பிளக் வெளியே இருக்க, காலி ஜாரை மிக்ஸியில் வைத்துப் பூட்டுங்கள். நீளமான மரக் கரண்டியின் காம்பை ஜாருக்குள் விட்டுப் பிளேடின் ஓரத்தை மெல்லத் தள்ளுங்கள். பிளேடோடு சேர்ந்து கீழே மோட்டாரும் கனமாகச் சுற்றினால் பிடி சரியாக இருக்கிறது. பிளேடு டக் டக்கென்று தாவித் தாவித் தனியே சுற்றினால் பற்கள் போய்விட்டன.

மோட்டார் கப்ளரை எந்தப் பக்கம் திருப்பினா கழலும்? ஒருத்தர் இடம்னு சொல்றார், ஒருத்தர் வலம்னு சொல்றார்.

இரண்டு பேரும் அவரவர் மிக்ஸிக்குச் சரியாகவே சொல்லியிருப்பார்கள். மோட்டார் எந்தத் திசையில் சுற்றுகிறதோ அதைப் பொறுத்து மரை இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ வெட்டப்பட்டிருக்கும். நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டு, மிக்ஸி ஓடும்போது சுற்றும் அதே திசையில் கப்ளரைத் திருப்பினால் கழலும். ஓடும்போது பொருளின் சுமை கப்ளரைப் பின்னுக்கு இழுக்கிறது. அந்த இழுப்பில் கழன்றுபோகாமல் மேலும் இறுக வேண்டும் என்பதற்காகத்தான் மரையை அப்படி வெட்டுகிறார்கள். அதனால் கழற்றுவதற்கு எதிர்ப்பக்கம், அதாவது ஓடும் பக்கம்.

ஓடும் திசை தெரியவில்லையென்றால், ஜார் இல்லாமல் ஒரு நொடி போட்டு அணைத்து, கப்ளர் வேகம் குறைந்து நிற்கும் தறுவாயில் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று எட்ட நின்று பாருங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஷாஃப்ட் கூடவே சுற்றுமே, அதை எப்படிப் பிடிப்பது என்பதுதான் அடுத்த சிக்கல். பல மாடல்களில் மிக்ஸியைக் கவிழ்த்து அடிமூடியின் திருகாணிகளைக் கழற்றினால் ஷாஃப்டின் கீழ் முனையில் ஒரு வெட்டு தெரியும். அதில் தட்டை ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மேலே கப்ளரைத் துணி சுற்றிக் கொறடால் திருப்பலாம். வெட்டு இல்லாத மாடல் என்றால் வீட்டில் முயல வேண்டாம். விசிறியை நெம்பிப் பிடித்து அதன் இறக்கையை உடைத்துக்கொண்டு வருகிறார்கள், கப்ளரின் விலைக்குப் பத்து மடங்கு செலவு வைக்கும் வேலை அது.

ஜார் பக்கம் இதே விதி தலைகீழாக வரும். அங்கே கப்ளர்தான் தள்ளுகிறது, ஷாஃப்ட் தள்ளப்படுகிறது. எனவே மரை போட்ட ஜார் கப்ளர் பொதுவாக ஓடும் திசைக்கு எதிராகத் திருப்பினால் கழலும். ஜாரைக் கவிழ்த்துப் பார்க்கும்போது இடமும் வலமும் கண்ணுக்கு மாறித் தெரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

புதுக் கப்ளர் போட்டு ஒரு மாசம்கூட ஆகலை, மறுபடியும் உருகிடுச்சு. மட்டமான பொருளா?

மட்டமாகவும் இருக்கலாம், ஆனால் நான் முதலில் ஜாரைத்தான் பிடிப்பேன். மோட்டார் கப்ளரை மென்மையான பொருளில் செய்வதே, ஏதாவது இறுகினால் விலை மலிவான அது முதலில் போகட்டும், மோட்டார் பிழைக்கட்டும் என்றுதான். அது உருகியது என்றால் தன் வேலையைச் செய்திருக்கிறது. இறுகிய ஜாரை அப்படியே வைத்துக்கொண்டு கப்ளரை மட்டும் மாற்றினால் அதுவும் அதே வழியில் போகும். வீட்டிலுள்ள எல்லா ஜாரையும் கவிழ்த்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள், குற்றவாளி அதில் இருப்பான்.

ஜார்கள் எல்லாம் நன்றாகச் சுற்றினால் அளவைப் பாருங்கள். கடையில் "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்று கொடுக்கும் கப்ளர் பல் எண்ணிக்கையில் ஒத்திருந்தாலும் உயரத்தில் மாறும். உயரம் குறைந்தால் பற்களின் நுனி மட்டும் கோத்துக்கொள்ளும், சுமை வந்ததும் வழுக்கி உருகும். உயரம் கூடினால் ஜார் முழுதாக உட்காராமல் தூக்கிக்கொண்டு நிற்கும், பூட்டினால் ஷாஃப்டை மேலே தள்ளி வாஷரை நசுக்கும், அப்போது நல்ல ஜாரே இறுகிவிடும். பழைய கப்ளரைத் தூக்கி எறியாமல் கடைக்கு எடுத்துப் போய், புதியதோடு பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்து வாங்குங்கள். ஜாரையும் கொண்டுபோய் வாங்கும் இடத்திலேயே கோத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

ஜார் இல்லாமலேயே ம்ம்ம்னு நிக்குதே?

அப்படியென்றால் ஜாரைப் பார்த்துப் பயனில்லை. பிளக்கைப் பிடுங்கி மோட்டார் கப்ளரைக் கையால் திருப்புங்கள். அசையவில்லை என்றால் மோட்டாரின் புஷ்ஷோ பேரிங்கோ இறுகியிருக்கிறது. ஜாரிலிருந்து கசிந்த தண்ணீர் கப்ளர் வழியாக உள்ளே இறங்கித் துருப்பிடித்த மிக்ஸிகளில் இது அதிகம். சில சமயம் உருகிய கப்ளரே வழிந்து கீழேயுள்ள தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும், டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும்.

கையால் இலகுவாகச் சுற்றுகிறது, ஆனால் போட்டால் நிற்கிறது என்றால், கப்ளரைக் கால் சுற்று திருப்பி வைத்துவிட்டு, கையை எடுத்து, பிளக் செருகி ஒரு நொடி போடுங்கள். சில நிலைகளில் ஓடி, சில நிலைகளில் நின்றால் மோட்டாரின் சுற்றும் பாகமான ஆர்மேச்சரில் ஏதோ ஒரு காயில் அறுந்திருக்கலாம். கார்பன் பிரஷ் பக்கம் நீலப் பொறி பெரிதாகத் தெறிப்பதும் அதற்கு அடையாளம். இதற்கு மேல் வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை, மிக்ஸி தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கார்பன் தேய்ந்துபோய்த்தான் ம்ம்ம் வருகிறது என்று யாராவது சொன்னால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். கார்பன் தொடாமல் போனால் மின்சாரமே பாயாது, அப்போது ம்ம்ம் என்ற சத்தமும் வராது.

முதல்ல ம்ம்ம்னு வந்துச்சு, இப்ப சத்தமே இல்லை.

அடியில் உள்ள சிவப்புப் பொத்தான் தெறித்திருக்கும். பிளக்கைப் பிடுங்கி, மிக்ஸி நன்றாக ஆறும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, பொத்தானை உள்ளே அமுக்குங்கள். அதற்குள் ஜாரைச் சோதித்துவிடுங்கள். இறுகிய ஜாரையே வைத்துப் போட்டால் மறுபடியும் தெறிக்கும்.

ஜார் அடியில இருந்து கறுப்புத் தண்ணி வடியுது, ஆனா நல்லாத்தான் அரைக்குது. விட்டுடலாமா?

விடாதீர்கள். சீல் போய், ஷாஃப்டும் புஷ்ஷும் உரசித் தேயும் உலோகத் தூள்தான் தண்ணீரில் கலந்து கறுப்பாக வருகிறது. கீழே வடிவது கண்ணுக்குத் தெரிகிறது, மேலே மாவில் கலப்பது தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வடிந்த தண்ணீர் மோட்டார் கப்ளர் வழியாக இறங்கினால் அடுத்து மோட்டார் பேரிங்கும் துருப்பிடிக்கும். ஷாஃப்ட், புஷ், சீல், வாஷர் எல்லாம் சேர்ந்த செட்டாகவே ஜார் கடைகளில் போட்டுக் கொடுப்பார்கள், பெரும்பாலும் நீங்கள் காத்திருக்கும்போதே முடிந்துவிடும். வாங்கும்போது அங்கேயே கவிழ்த்துக் கப்ளரைச் சுண்டிப் பாருங்கள், பிறகு ஜாரில் தண்ணீர் ஊற்றிப் பழைய செய்தித்தாள் மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். காகிதம் நனையாமல் இருந்தால் காசு கொடுத்துவிட்டு வரலாம்.